வைவாவில் கட்டாயம் வரும் ஒரு கேள்வி

வனவிலங்குப் பாதுகாப்பில் ஆய்வேடு எழுதியவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள்: "விலங்கு குறைவா, இல்லை உங்கள் கண்ணில் பட்டது குறைவா?"

முதுமலையில் உண்ணிச்செடி மண்டிய இடங்களில் புள்ளிமான் குறைவு என்பது உங்கள் முடிவு என்று வைத்துக்கொள்வோம். புதர் அடர்ந்தால் தானியங்கி கேமராவுக்கும் பார்வை மறையும். மான் இருக்கும் இடத்தில் ஒரு வாரத்தில் அது படமாகும் வாய்ப்பு 0.2 என்றால், 5 வாரத்தில் ஒருமுறையாவது சிக்கும் வாய்ப்பு 1 − 0.8⁵, அதாவது சுமார் 0.67. மான் உள்ள மூன்று இடங்களில் ஒன்று 'இல்லை' என்றே பதிவாகிவிடும். 10 வாரம் வைத்தால் 0.89. வாரங்கள் ஒன்றையொன்று பாதிக்காது என்ற அனுமானத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள், தேர்வாளர்கள் தோண்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

புதர்ப்பகுதிக்கும் திறந்தவெளிக்கும் இந்த வாய்ப்பைத் தனித்தனியாகக் கணக்கிட்ட அட்டவணையின் பக்க எண் நினைவில் இருக்கட்டும். கணக்கிடவில்லையா? அப்போது "குறைவு" என்று சொல்லாமல், "குறைவாகப் பதிவானது" என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம், "இதனால் என்ன பயன்?" என்பார்கள். எந்தப் பகுதியில் உண்ணிச்செடியை முதலில் அகற்றலாம் என்று வனத்துறை முடிவெடுக்க மான் எங்கெங்கே பதிவானது என்று காட்டும் உங்கள் வரைபடம் எப்படி உதவும் என்று சொன்னால் போதும்.