"பார்த்துச் சொல்கிறோம்" என்று எழுதுவதை விட்டேன்

கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஆளெடுப்பது என் வேலை. கணக்காளர் பணிக்கு நேர்காணலுக்கு வந்துபோன பெண் பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "சார், என் விண்ணப்பம் என்ன ஆச்சு?" முடிவெடுக்க வேண்டிய மேலாளர் வெளியூரில் இருந்தார். "பார்த்துச் சொல்கிறோம்" என்று அனுப்பினேன். நான்கு நாளில் மறுபடி கேட்டார், மறுபடி அதே பதில். அப்புறம் கேட்கவேயில்லை. நாங்கள் கூப்பிட்டபோது வேறிடத்தில் சேர்ந்திருந்தார்.

என் பதிலில் ஒரு தேதிகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது இப்படி எழுதுகிறேன்:

"வணக்கம். இன்னும் முடிவாகவில்லை. உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். முடிவானாலும் ஆகாவிட்டாலும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் நானே எழுதுகிறேன். அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் தெரிவியுங்கள்."

கடைசி வரிதான் ரொம்ப உதவியது. ஒருவர் "திங்கட்கிழமைக்குள் சொல்லணும் சார்" என்றார். அதை மேலாளரிடம் காட்டி சனிக்கிழமையே முடிவு வாங்கினேன்.

மேலாளர் சொல்லும் தேதியோடு இரண்டு நாள் கூட்டித்தான் எழுதுவேன். அவரைத் தெரியும் எனக்கு. "உங்களுக்கு வாய்ப்பு அதிகம்" என்று மட்டும் எழுதுவதில்லை. ஒருமுறை அதை நம்பி ஒரு பையன் இருந்த வேலையை விடக் கிளம்பிவிட்டான். வெள்ளிக்கிழமையும் முடிவாகவில்லையா, சரி, "புதன்கிழமை எழுதுகிறேன்" என்று அன்றே ஒரு வரி போய்விடும். மறக்காமலிருக்க செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.