செம்பு குறையவில்லை, கூலூம்தான் தப்பு: மின்னாற்பகுப்புச் சோதனையை எழுதும் முறை

"மாமா, கணக்குப்படி 0.296 கிராம் செம்பு படியணும். 0.253தான் இருக்கு. மீதி எங்க போச்சு?"

சேலத்தில் பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள் கேட்ட கேள்வி இது. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். தொடக்கத்தில் அம்மீட்டர் காட்டிய 0.50 ஆம்பியரை 1800 விநாடியால் பெருக்கி 900 கூலூம் என்று எழுதியிருந்தாள். அரை மணி நேரமும் மின்னோட்டம் 0.50-லேயே நின்றதா என்றால், இல்லை. அவள் கையாலேயே பக்கத்தில் குறித்து வைத்திருந்த அளவீடுகள் வேறு கதை சொல்லின.

தகட்டைத் தயார் செய்வது

25 கிராம் மயில்துத்தத்தை 200 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் சில துளிகள் விடுங்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் சுண்ணாம்போடு கலந்து தெளிக்கும் அதே துத்தம்தான். ஆனால் சோதனைக்கு ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். இது விஷம் என்பதால் கையுறை வேண்டும், கரைசலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது.

இரண்டு செம்புத் தகடுகளையும் உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். எதிர்மின்வாயாகப் போகும் தகட்டை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படியப் போவது கால் கிராம்தான், அதனால் சமையலறைத் தராசு உதவாது. செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த வெள்ளிப் பட்டறை ஒன்றில், மில்லிகிராம் வரை காட்டும் தராசில் நாங்கள் எடை போட்டோம்: 12.416 கிராம்.

மின்னோட்டத்தைக் குறிப்பது

அடாப்டர், ரியோஸ்டாட், அம்மீட்டர், இரண்டு தகடுகள் எல்லாவற்றையும் ஒரே தொடரில் இணையுங்கள். எடை போட்ட தகடு எதிர்முனையில் இருக்க வேண்டும். 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம் முங்கினால் 0.5 ஆம்பியர் போதும். அதற்கு மேல் ஏற்றினால் செம்பு இளஞ்சிவப்பாக ஒட்டாமல் கரும்பழுப்புத் தூளாகப் படிந்து, கழுவும்போதே உதிர்ந்துவிடும்.

அவள் குறித்தது இது:

```
நிமிடம்    0     5     10    15    20    25    30
ஆம்பியர்  0.50  0.48  0.46  0.37  0.40  0.43  0.42
```

பதினைந்தாம் நிமிடத்துச் சரிவு கிளிப் தளர்ந்ததால் வந்தது. அப்புறம் அவள் அதை இறுக்கியிருக்கிறாள். மற்ற சிறு ஏற்ற இறக்கங்கள் மின்னழுத்தம் மாறியதாலோ கரைசல் சூடானதாலோ இருக்கலாம். காரணம் தெரிந்தால் அளவீட்டின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மின்னூட்டத்தைக் கூட்டுவது

ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் இரு முனை அளவீடுகளின் சராசரியை எடுத்து, 300 விநாடியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். சுருக்கமாகச் செய்தால், முதலும் கடைசியும் பாதிப் பாதி, நடுவில் உள்ளவை முழுசாக:

```
(0.50 + 0.42)/2 + 0.48 + 0.46 + 0.37 + 0.40 + 0.43 = 2.60
2.60 × 300 = 780 C
m = Q × 63.55 / (2 × 96485) = 0.257 g
```

சோதனை முடிந்ததும் தகட்டை நீரில் முக்கி எடுத்து, ஸ்பிரிட்டில் அலசி, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் செம்பு போய்விடும். தீயில் காட்டினால் ஆக்சைடு சேர்ந்து எடை கூடிவிடும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வந்தால்தான் உலர்ந்தது என்று அர்த்தம். எங்களுக்கு 12.669 கிராம் வந்தது, அதாவது படிந்தது 0.253. 900 கூலூமை வைத்துப் பார்த்தால் 15 சதவீதம் காணவில்லை. 780-ஐ வைத்தால் வித்தியாசம் 4 மில்லிகிராம்தான்.

அந்த 4 மில்லிகிராமை என்ன சொல்வது?

"98.5 சதவீதம் திறன்" என்று எழுதப் போனவளைத் தடுத்தேன். அம்மீட்டரின் கடைசி இலக்கம் ஒன்று தப்பினாலே 0.01 × 1800 = 18 கூலூம் மாறும். அதோடு, கிளிப் எந்த நிமிடத்தில் தளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. பத்தாம் நிமிடம் தாண்டியதுமே என்றால் அந்த ஐந்து நிமிடத்தில் போனது 111 கூலூம். பதினைந்தாம் நிமிடத்துக்குச் சற்று முன் என்றால் 138. நாம் போட்டதோ நடுவில் இருக்கும் 124.5. இங்கேயே ஏறக்குறைய 13 கூலூம் சந்தேகம். இரண்டையும் சேர்த்தால் 780-க்கு 30 கூலூம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். நிறையில் அது 10 மில்லிகிராம். 4 மில்லிகிராம் அதற்குள் அடங்கிவிடுவதால், செம்பு குறைந்தது என்று சொல்ல இந்தச் சோதனைக்குத் தகுதி கிடையாது.

நிமிடத்துக்கு ஒருமுறை குறித்திருந்தால் கிளிப்பால் வந்த சந்தேகம் 3 கூலூமுக்குள் சுருங்கியிருக்கும். முள் சட்டென்று குதித்தால், அடுத்த முறை வரும்வரை காத்திராமல் அந்த விநாடியையே எழுதுங்கள்.

அவள் கடைசியில் நோட்டில் எழுதியது:

"30 நிமிடத்தில் சென்ற மின்னூட்டம் 780 ± 30 C (5 நிமிட இடைவெளி அளவீடுகளைக் கூட்டியது, மின்னோட்டம் 0.37 முதல் 0.50 A வரை மாறியது, 10-க்கும் 15-க்கும் இடையில் கிளிப் தளர்ந்தது). எதிர்மின்வாயில் படிந்த செம்பு 0.253 ± 0.002 g. ஃபாரடே விதிப்படி 0.257 ± 0.010 g."

வரைபடம் போடுவதானால் 10, 20, 30 நிமிடம் எனத் தனித்தனியாகச் செய்யுங்கள். கிடை அச்சில் நேரத்தைப் போடாமல் கூட்டிய கூலூமைப் போடுங்கள். மின்னோட்டம் மாறியிருந்தாலும் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் வரும். அதன் சாய்வு கூலூமுக்கு 0.329 மில்லிகிராம் பக்கத்தில் இருக்க வேண்டும்.