மல்டி பெட்டில் ஒரு தேர்வு ரத்தானால் மொத்த ஆட்ஸ் எப்படி மாறும்?

நான்கு ஆட்டங்களைச் சேர்த்து ஒரே சீட்டாகப் போட்ட மல்டி பெட்டில் மூன்று வென்று, நான்காவது நடக்காமலே போனால், பலரும் முழுச் சீட்டும் ரத்தாகிவிட்டது என்றோ, காட்டிய தொகை அப்படியே வந்துவிடும் என்றோ நினைக்கிறார்கள். வழக்கமான விதியில் இரண்டுமே நடப்பதில்லை. ரத்தான தேர்வின் ஆட்ஸ் 1.00 ஆக மாற்றப்பட்டு, சீட்டு மீதமுள்ள தேர்வுகளோடு தொடர்கிறது. எந்த எண்ணை 1 ஆல் பெருக்கினாலும் அதே எண்தான் வரும் என்பதால், அந்தத் தேர்வு சீட்டிலேயே இல்லாதது போல் ஆகிவிடுகிறது.

முதலில் பழைய கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். நான்கு தேர்வுகளின் தசம ஆட்ஸ் 1.80, 2.10, 1.50, 2.40 என்றும், பந்தயத் தொகை 100 அலகு என்றும் வைத்துக்கொள்வோம்.

```
1.80 × 2.10 × 1.50 × 2.40 = 13.608
```

அதாவது நான்கும் வென்றால், போட்ட தொகையும் சேர்த்து 1360.80 கிடைக்கும்.

அடுத்து, எந்தத் தேர்வு ரத்தானது என்பதைச் சீட்டின் முடிவுப் பக்கத்தில் உறுதி செய்யுங்கள். 2.10 ஆட்ஸ் கொண்டது ஒரு டென்னிஸ் ஆட்டம், அதில் ஒருவர் காயத்தால் பாதியில் விலகிவிட்டார் என்போம். இங்கே கவனம் தேவை. முதல் செட் முடிந்திருந்தாலே பந்தயம் செல்லும் என்று சில நிறுவனங்களும், ஆட்டம் முழுதாக முடிந்தால்தான் செல்லும் என்று வேறு சிலவும் விதி வைத்திருப்பதால், ஒரே விலகல் ஓரிடத்தில் வெற்றி அல்லது தோல்வியாகவும் இன்னோரிடத்தில் ரத்தாகவும் கணக்காகும். நம் சீட்டில் அது ரத்து என்றே கொள்வோம்.

இப்போது 2.10 இருந்த இடத்தில் 1.00 போட்டு, மறுபடி முழுதாகப் பெருக்குங்கள்.

```
1.80 × 1.00 × 1.50 × 2.40 = 6.48
```

மற்ற மூன்றும் வென்றால் 648 கிடைக்கும். அவற்றில் ஒன்று தோற்றாலும் சீட்டு தோற்றதுதான். ரத்தான தேர்வு அதைக் காப்பாற்றாது. நான்குமே ரத்தானால் ஆட்ஸ் 1.00 ஆகி, போட்ட 100 திரும்பி வரும்.

பழைய மொத்தத்தை 2.10 ஆல் வகுத்தும் இதே விடையைப் பெறலாம், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். திரையில் பெரும்பாலும் 13.61 என்று முழுமையாக்கிய எண்ணே தெரியும். அதை வகுத்தால் 6.481 வந்து, 648.10 கிடைக்க வேண்டும் என்று தோன்றும். பத்துக் காசு குறைகிறதே என்ற சந்தேகம் பல நேரங்களில் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இதைவிடப் பெரிய பிழை, 13.608 இலிருந்து 2.10 ஐக் கழிப்பது. ஆட்ஸ் பெருக்கலில் சேர்ந்தது என்பதால் கழித்தலில் அது வெளியேறாது.

1360 இலிருந்து 648 க்கு இறங்குவது பறிபோனது போலத் தோன்றினாலும், அந்த ஆட்டம் நடந்து நீங்கள் தோற்றிருந்தால் எதுவுமே வந்திராது. அந்தத் தேர்வின் ஆட்ஸோடு சேர்ந்து அதன் அபாயமும் நீங்கிவிட்டது.

கணக்கு சரியாக இருந்தும் வந்த தொகை பொருந்தவில்லை என்றால், போனஸைப் பாருங்கள். நான்கு தேர்வுகளுக்கு லாபத்தில் 10 சதவீதம், மூன்றுக்கு 5 சதவீதம் என்று ஒரு சலுகை இருப்பதாகக் கொண்டால், ரத்துக்குப் பின் சீட்டு பொதுவாக மூன்று தேர்வுச் சீட்டாகவே எண்ணப்படும். லாபம் 548, அதில் 5 சதவீதம் 27.40, ஆக வர வேண்டியது 675.40. பழைய 10 சதவீதத்தை மனத்தில் வைத்திருந்தவருக்கு 27.40 குறைவாகத் தெரியும்.

இந்த முறை பொருந்தாத இடம் ஒன்று உண்டு. ஒரே ஆட்டத்துக்குள்ளேயே வெற்றியாளர், கோல் எண்ணிக்கை, கோல் அடிப்பவர் என்று சேர்த்துப் போடும் பந்தயத்தில், அந்த நிகழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் மொத்த ஆட்ஸ் தனி ஆட்ஸ்களின் பெருக்கற்பலனாக இருப்பதில்லை. தேர்ந்தெடுத்த வீரர் களமிறங்காமல் போனால், நிறுவனத்தின் விதியைப் பொறுத்து முழுப் பந்தயமும் ரத்தாகலாம், அல்லது மீதிக்குப் புதிய ஆட்ஸ் போடப்படலாம். அந்தப் புதிய எண்ணைச் சீட்டிலுள்ள எண்களை வைத்து நீங்களே கணக்கிட முடியாது. எந்த விதி என்பதைப் பந்தயம் போடும் முன்பே படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.