ஹெல்மெட் விற்பனை விபரம் எழுதும்போது செய்யும் தவறுகள்

பஞ்சிகாவத்தையில் ஒரு ஹெல்மெட் கடைக்கு ஒன்லைன் விபரம் எழுதித் தருவது என் வேலை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எழுதியதைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் வரியே 'டொட், ஈ.சி.ஈ., ஐ.எஸ்.ஐ., எஸ்.எல்.எஸ். அனைத்துச் சான்றும் பெற்றது'. ஆறு வருடங்களுக்கு முன்பு நான் எழுதிய அதே வரி. எழுத்துப்பிழை, மங்கலான படம் போன்றவற்றை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பணத்தையும் பெயரையும் கொண்டுபோகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சான்றை விநியோகஸ்தரின் தாளிலிருந்து எழுதுவது

என் கதை இது. மேலே தூக்கக்கூடிய நாடிப்பகுதி உள்ள ஒரு ஹெல்மெட் வந்தது. விநியோகஸ்தர் அனுப்பிய தாளில் 'ஈ.சி.ஈ. 22.06, முழுமுகப் பாதுகாப்பு' என்று இருந்தது. ஈ.சி.ஈ. என்பது ஐரோப்பிய ஹெல்மெட் விதி, 22.06 அதன் புதிய பதிப்பு. பெட்டியைத் திறக்காமலே அதை அப்படியே போட்டேன். பதினேழு விற்றது. பதினெட்டாவதாக வெள்ளவத்தையில் வாங்கிய ஒரு அண்ணா, நாடிப்பட்டியில் தைத்திருந்த வெள்ளைத் துணி லேபலைப் படமெடுத்து அனுப்பி, 'தம்பி, இதில எங்க 06 இருக்கு?' என்று கேட்டார். இல்லைதான். 05 என்று இருந்தது. அதைவிட மோசம், சாய்கோட்டுக்குப் பின்னால் J மட்டும் இருந்தது, அதாவது முகம் திறந்த வகை. பதினெட்டுப் பேருக்கும் போன் எடுத்து, வேண்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பி, இரண்டு பக்கக் கூரியர் செலவையும் கடை ஏற்றது. அந்தத் தாளை அனுப்பியவர் இன்றுவரை 'மொடல் ஒன்றுதானே' என்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும்.

மொடல் பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எந்தச் சந்தைக்குச் செய்தார்கள், எந்தத் தொகுதியில் செய்தார்கள் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பதும் சான்றும் மாறும். அதனால் கையிலிருக்கும் பொருளின் பட்டியைப் பார்த்து மட்டும் எழுதுங்கள். ஈ.சி.ஈ. லேபல் ஏறக்குறைய இப்படி இருக்கும் (இலக்கங்கள் உதாரணத்துக்கு):

```
E9
061234/P-056789
```

வட்டத்துக்குள் இருக்கும் E உடன் வரும் இலக்கம், அங்கீகாரம் கொடுத்த நாடு. 9 ஸ்பெயின், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. ஹெல்மெட் அங்கே செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை, அங்கே அங்கீகரிக்கப்பட்டது என்றுதான் அர்த்தம். 'ஸ்பெயின் தயாரிப்பு' என்று எழுதி மாட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த வரியின் முதல் இரண்டு இலக்கம்தான் விஷயம். 05 என்றால் 22.05, 06 என்றால் 22.06. புதியது 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் தலையைச் சுழற்றும் சாய்வான மோதலையும் சோதிக்கிறார்கள், பழையதில் அது இல்லை. அதனால் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினால், செய்யாத சோதனையைச் செய்ததாகச் சொன்ன மாதிரி.

சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. P என்றால் நாடிப்பகுதியும் பாதுகாப்புக்குச் சோதிக்கப்பட்டது. J என்றால் முகம் திறந்த வகையாகச் சோதிக்கப்பட்டது. P/J என்றால் தூக்கியும் இறக்கியும் இரண்டு விதமாகவும். NP என்றால் முன்னால் நாடியை மறைக்கும் துண்டு இருக்கிறது, ஆனால் அது பாதுகாப்புக்கானதல்ல. NP போட்ட ஹெல்மெட் கண்ணுக்கு முழுமுகம் மாதிரியே தெரியும். அதை 'முழுமுக ஹெல்மெட்' என்று எழுதினால், வாங்குபவர் தன் தாடையை அந்த ஒரு சொல்லை நம்பி விடுகிறார். நான் இப்போது இப்படி எழுதுகிறேன்: 'நாடிப்பகுதி அலங்காரத்துக்கு மட்டும். முகத்தின் கீழ்ப்பகுதிக்குப் பாதுகாப்பாகச் சான்று பெறவில்லை.' விற்பனை குறையும் என்று முதலாளி முணுமுணுத்தார். கொஞ்சம் குறைந்தது, சரி.

டொட் வேறு கதை. அது அமெரிக்க விதி. அங்கே தயாரிப்பாளரே தன் பொருள் விதிக்குப் பொருந்துவதாக அறிவித்து லேபல் ஒட்டுகிறார். அரசாங்கம் பிறகு கடையில் வாங்கிச் சிலவற்றைச் சோதித்துப் பார்க்கும். எனவே 'அமெரிக்க அரசு அங்கீகரித்தது' என்று எழுதக்கூடாது. பின்பக்கம் வெறும் DOT என்ற மூன்று எழுத்து ஸ்டிக்கர் மட்டும் இருந்து, தயாரிப்பாளர் பெயரும் மொடலும் FMVSS No. 218 என்ற வரியும் இல்லாவிட்டால், டொட் என்ற சொல்லையே நான் போடுவதில்லை. அந்த மூன்று எழுத்தை எந்த ஸ்டிக்கர் கடையிலும் வெட்டித் தருவார்கள். எஸ்.எல்.எஸ். என்றாலும் அப்படித்தான்: சின்னம் பொருளில் இருந்தால் எழுதுங்கள், 'அதே தரம்' என்று சுற்றி வளைத்து எழுதாதீர்கள்.

விபரத்தின் மூன்றாவது படமாக இந்த லேபலின் கிட்டப் படத்தைப் போடுங்கள். எழுதியது பிழைத்தாலும் படம் காட்டிக்கொடுக்கும். புதுத் தொகுதி வந்தால் படத்தையும் மாற்ற வேண்டும். நான் தம்பியிடம் இரண்டாவது தடவை சொன்னது இதைத்தான்.

சி.ஈ.யும் ஈ.சி.ஈ.யும் ஒன்றல்ல

ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், அதனால்தான் குழப்பம். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வருவது ஈ.சி.ஈ. சான்று; கையுறை, ஜக்கெட், முழங்கால் காப்புக்கு வருவது ஐரோப்பாவின் சி.ஈ. சின்னம். ஜக்கெட்டில் இன்னொரு வலை இருக்கிறது: தோளிலும் முழங்கையிலும் செருகும் காப்புக்கு மட்டும் சி.ஈ. இருக்கும், ஜக்கெட் துணிக்கு இருக்காது. அப்போது 'சி.ஈ. ஜக்கெட்' என்று எழுதினால் பொய். 'உள்ளே உள்ள காப்புகள் சி.ஈ. சான்று பெற்றவை' என்று எழுதுங்கள். முழு ஜக்கெட்டும் சோதிக்கப்பட்டிருந்தால், உள்ளே தைத்த லேபலில் EN 17092 என்றும் AAA முதல் C வரையான தரமும் இருக்கும். அந்த எழுத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

'எம், எல், எக்ஸ்.எல்.' என்று விட்டுவிடுவது

ஒரு கம்பனியின் எம் இன்னொன்றின் எல். செ.மீ. போடுங்கள், அளக்கும் முறையையும் போடுங்கள். தையற்கார டேப்பைப் புருவத்துக்கு மேலே சுமார் இரண்டரை செ.மீ. உயரத்தில் வைத்து, பின்மண்டை அதிகம் துருத்தும் இடத்தைச் சுற்றி மூன்று தடவை அளந்து, பெரிய இலக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள். கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டும்.

இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள் என்று செருப்புக் கடை மாதிரி எழுதாதீர்கள். கன்னப் பஞ்சு பாவிக்கப் பாவிக்க அமுங்கும், அதனால் முதலில் சின்னதைப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பட்டியைப் பூட்டிக்கொண்டு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பக்கவாட்டில் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். பின்விளிம்பைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினால் கழன்றுவிடக் கூடாது. நெற்றி மட்டும் வலித்துப் பக்கங்கள் தளர்வாக இருந்தால் அது சைஸ் பிரச்சினையல்ல, தலையின் வடிவம் ஒத்துவரவில்லை. அவருக்கு வேறு மொடல் காட்டுங்கள்.

'வாழ்நாள் முழுக்க' என்பது

எழுதவே எழுதாதீர்கள்.

மாற்றும் காலத்தைச் சொல்லாமல் விடுவது

உள்ளே ரிஜிபோம் மாதிரி இருக்கிறதே, அது மோதலில் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. நசுங்கியது திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். எனவே 'தலையோடு விழுந்து அடிபட்டிருந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்' என்பது ஒரு வரி. அடிபடாவிட்டாலும் சுமார் ஐந்து வருடம் என்பது பொதுவான பரிந்துரை. அதையும் எழுதி, தயாரித்த மாதமும் வருடமும் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் உட்பஞ்சைக் கழற்றினால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். பழைய கையிருப்பை விற்றால் அந்தத் திகதியை மறைக்காதீர்கள். வாங்குபவர் ஒருநாள் பஞ்சைத் துவைக்கக் கழற்றுவார்.

தின்னர், பெற்றோல், பெயின்ட்

இவை பொலிகாபனேட் பிளாஸ்டிக் ஓட்டில் படக்கூடாது என்று எழுதுங்கள். ஒரு வரி போதும்.