கேட்டதையே மீண்டும் கேட்காத சலூன்: வாடிக்கையாளர் அட்டையிலிருந்து பிராண்டைக் கட்டும் முறை

முடிதிருத்தமும் அழகுப் பராமரிப்பும் செய்யும் ஒரு நிலையத்தைத் தொடங்குபவர்கள், பிராண்ட் என்றதும் பெயர்ப் பலகை, லோகோ, சுவரின் நிறம் ஆகியவற்றிலிருந்துதான் வேலையை ஆரம்பிக்கிறார்கள். ஏழாவது முறையாக வரும் ஒருவரிடம் “பெயர் என்ன, என்ன செய்ய வேண்டும்” என்று கேட்கும் இடத்தில் அந்தப் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும், தான் வரிசையில் ஒரு எண் என்பதை அவர் புரிந்துகொள்வார். ஆகவே இந்த விளக்கத்தில் நாம் எதிர்த் திசையில் செல்வோம். முதலில் வாக்குறுதி, பிறகு அதைக் காப்பாற்றும் அட்டை, அதன் பிறகு பேச்சு. லோகோ கடைசியில் வரும்.

படி 1: சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு வாக்குறுதி

“உங்களைக் குடும்பத்தில் ஒருவராக நடத்துவோம்” என்பது போன்ற வாசகம் வேண்டாம். அது நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பரிந்துரைப்பது இது: “முதல் வருகையில் நீங்கள் சொன்னதை இரண்டாவது வருகையில் மீண்டும் சொல்ல வேண்டியிருக்காது.” இதைப் பலகையில் எழுத வேண்டிய அவசியமில்லை. ஆனால் வரவேற்பில் இருப்பவர் முதல் தலை அலசிவிடும் உதவியாளர் வரை எல்லோருக்கும் இது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த வாக்கியத்தோடு ஒப்பிட்டுத்தான் எடுக்கப் போகிறோம்.

படி 2: அட்டை

தாள் அட்டையோ, முன்பதிவு மென்பொருளில் உள்ள குறிப்புப் பகுதியோ, இரண்டில் எதுவானாலும் சரி. அதை எழுத வேண்டியவர் வேலையைச் செய்த ஸ்டைலிஸ்ட். எழுத வேண்டிய நேரம், வாடிக்கையாளர் வெளியே சென்ற அடுத்த ஐந்து நிமிடம். இரவில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், “கலரிங், நன்றாக வந்தது” என்ற ஒரு வரிதான் மிஞ்சும், அது யாருக்கும் உதவாது.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். பாதியளவு நரைத்த தலைமுடியுடன், வேர்ப்பகுதிக்கு நிறம் பூசிக்கொள்ள ஒரு பெண்மணி முதல் முறையாக வருகிறார். அன்றைய அட்டையில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

“ஷேடு 5.0, 40 கிராம், 6 சதவீத டெவலப்பர், 60 கிராம், 35 நிமிடம், வேருக்கு மட்டும். நெற்றியோர நரையில் நிறம் சரியாகப் பிடிக்கவில்லை; அடுத்த முறை அங்கிருந்து பூசத் தொடங்க வேண்டும். முன்பு வேறிடத்தில் ஒவ்வொரு முறையும் நுனி வரை பூசியதால் நுனி கறுத்துவிட்டது என்று வருந்தினார். தலை அலசும்போது கழுத்து வலிக்கும், துண்டு மடித்து வைக்கவும். வேலை நடக்கும்போது அமைதியாக இருக்க விரும்புகிறார்.”

இதில் முதல் பாதி தொழில்நுட்பம், இரண்டாம் பாதி அந்த மனிதர். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் உள்ள நரை பலருக்கு நிறத்தை எளிதில் ஏற்காது. அங்கே முதலில் பூசினால் கலவைக்கு அதிக நேரம் கிடைக்கும். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த முறை வேறொரு ஸ்டைலிஸ்ட் பின்னந்தலையிலிருந்து தொடங்குவார், அதே குறை திரும்பவும் வரும். தான் சொன்ன குறை கேட்கப்படவில்லை என்றுதான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார், அது நியாயமும் கூட.

அழகுப் பராமரிப்புப் பக்கத்திலும் இதே முறைதான்: புருவத்தின் வளைவு எந்த அளவுக்கு வேண்டும், முகத்தில் ரெட்டினாய்டு வகைக் களிம்பு பூசுகிறாரா என்பவை இருக்க வேண்டும். அந்தக் களிம்பு பூசிவரும் தோலில் வாக்சிங் செய்தால் மேல்தோல் உரிந்துவிடக்கூடும்.

எதை எழுதக் கூடாது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அந்த அட்டையை வாடிக்கையாளர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் உங்களுக்குக் கூச்சம் வருமா? வருமென்றால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். அவருடைய குடும்பச் சிக்கல், உடல் தோற்றத்தைப் பற்றிய உங்கள் கருத்து, “அதிகம் கேள்வி கேட்பவர்” என்பது போன்ற முத்திரை ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. இப்படிக் குறித்து வைத்துக்கொள்கிறோம் என்று முதல் நாளிலேயே சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெறுவதும் அவசியம்.

படி 3: அடுத்த வருகையின் முதல் இரண்டு நிமிடம்

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலாகவோ வளர்வதால், அதே பெண்மணி நான்கு முதல் ஆறு வாரங்களில் திரும்ப வருவார். அவர் வருவதற்குச் சற்று முன் ஸ்டைலிஸ்ட் அட்டையைப் படித்துவிட வேண்டும். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது திரையைப் பார்த்துப் படித்தால், நினைவில் வைத்திருந்தார்கள் என்ற உணர்வு வராது. மேலங்கியைப் போர்த்துவதற்கு முன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அல்லாமல் நேருக்கு நேர் பார்த்து இப்படிப் பேச்சைத் தொடங்கலாம்: “போன முறை நெற்றிப் பக்கம் நிறம் சரியாக நிற்கவில்லை, இன்று அங்கிருந்தே தொடங்குகிறேன். நுனிக்குக் கொண்டுபோகவில்லை. வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?”

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் “வழக்கம்போலத்தானே?” என்று முடித்தால், மாற்றம் வேண்டும் என்று நினைத்து வந்தவர் அதைச் சொல்ல வாய்ப்பில்லாமல் போய்விடும். ஒருவரைப் பழைய குறிப்புக்குள் பூட்டிவைப்பதும் அவரைக் கவனிக்காமல் இருப்பதன் இன்னொரு வடிவம்தான்.

வாக்குறுதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: ஒவ்வாமை. பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நிறம் பூசியவருக்கும் திடீரென ஒவ்வாமை ஏற்படலாம் என்பதால், இதை ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டும். சாயத் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன், தோலில் பேட்ச் டெஸ்டும் செய்ய வேண்டும். ஆனால் கேட்கும் விதத்தை மாற்றலாம். “அலர்ஜி உண்டா?” என்று புதியவரிடம் கேட்பதைப் போலக் கேட்காமல், “போன முறை பூசிய பிறகு அரிப்போ எரிச்சலோ இருந்ததா? புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று கேளுங்கள்.

படி 4: குறுஞ்செய்தி

எல்லோருக்கும் ஒரே நாளில் போகும் “அன்பார்ந்த வாடிக்கையாளரே, இந்த வாரம் சிறப்புத் தள்ளுபடி” என்ற செய்தி, மேலே செய்த வேலையைப் பெருமளவு கெடுத்துவிடும். அதற்குப் பதிலாக, அவருடைய கடைசி வருகையிலிருந்து கணக்கிட்டு நான்காவது வார முடிவில், அவர் விரும்பும் அழைப்புப் பெயரோடு, நிறம் பூசிய ஸ்டைலிஸ்டின் பெயரில், இரண்டே வரிகள் அனுப்புங்கள்: “நெற்றியோரத்தில் நரை தெரியத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வசதியான காலை நேரம் அடுத்த வாரம் இரண்டு நாட்களில் இருக்கிறது.” பதில் வராவிட்டால் மீண்டும் ஒரு முறை மட்டும் கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

படி 5: பெயர், நிறம், லோகோ

இப்போதுதான் இவற்றின் முறை. செய்தியிலும் அட்டையிலும் பேச்சிலும் எந்தக் குரல் ஒலிக்கிறதோ, அதற்குப் பொருந்தும் எளிய பெயரும், தூரத்திலிருந்து படிக்க முடிகிற எழுத்தும் போதும். கண்ணாடியைச் சுற்றியுள்ள சுவர்களுக்கு மட்டும் அழுத்தமான நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள்; அதன் சாயல் முடியின் மேல் விழுந்து, பூசிய நிறத்தைச் சரியாகக் கணிக்க முடியாமல் செய்யும்.

படி 6: சரிபார்த்தல்

வாரம் ஒரு முறை, திரும்ப வந்தவர்களில் பத்துப் பேரின் அட்டையை எடுத்துப் பாருங்கள். கடைசி வருகைக் குறிப்பு வெறும் ஒரு வரியாக இருந்தால், எழுத நேரம் ஒதுக்கப்படவில்லை என்று பொருள். முன்பதிவுகளுக்கு இடையே ஐந்து நிமிடம் கூட்டுங்கள். குறிப்பு நன்றாக இருந்தும் வாடிக்கையாளர் “போன தடவையே சொன்னேனே” என்று சொல்லியிருந்தால், அட்டை படிக்கப்படவில்லை. இதைவிடக் கடினமான சோதனை, வழக்கமான ஸ்டைலிஸ்ட் விடுப்பில் இருக்கும் நாளில் நடக்கும்: அன்று அந்தப் பெண்மணியின் கழுத்துக்கடியில், அவர் கேட்காமலேயே, மடித்த துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.