நம்பகமான தேர்வு ஏற்புடையதாகவும் இருக்குமா?

மளிகைக்கடைத் தராசு ஒரு கிலோ சர்க்கரைக்கு எப்போதும் 1,100 கிராம் காட்டினால், எப்போதும் ஒரே அளவைக் காட்டுவதால் அதற்கு நம்பகத்தன்மை உண்டு, அளக்கவேண்டியதைச் சரியாக அளக்காததால் ஏற்புடைமை இல்லை.

சரி, வகுப்புத் தேர்வுக்கு வருவோம். ஏழாம் வகுப்புக்குச் சதவீதத்தில் 20 கணக்குகள், எல்லாமே ஐந்தாறு வரி நீளம். மறுபடி வைத்தாலும் பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான் பின்தங்குவார்கள். ஆனால் அளந்தது சதவீதத்தையா, வாசிப்பையா? பின்தங்கிய சிலருக்கு அதே கணக்கை வாசித்துக் காட்டுங்கள். சட்டென்று போட்டுவிட்டால் கோளாறு ஏற்புடைமையில்தான்.

நம்பகத்தன்மையைப் பார்க்க மறுதேர்வு வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒற்றைப்படை வினாக்களின் மதிப்பெண்ணையும் இரட்டைப்படை வினாக்களின் மதிப்பெண்ணையும் தனித்தனியே கூட்டி, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவைக் காணுங்கள். 0.6 வந்தால் அது பாதித் தேர்வுக்கான எண். முழுத் தேர்வுக்கு ஸ்பியர்மேன்-பிரவுன் சூத்திரப்படி (2 × 0.6) ÷ (1 + 0.6) = 0.75. இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். அப்புறம், நேரம் போதாமல் பலர் கடைசி வினாக்களைத் தொடவே இல்லை என்றால் இந்த முறை வேண்டாம். இரண்டு பாதியிலும் பூஜ்யங்கள் ஒன்றாக விழுவதால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும்.