நித்திரையில் பாம்பு கடித்தால்: முதல் பத்து நிமிடமும் ஆஸ்பத்திரியும்

வயலில் கண்ணாடி விரியன் கடித்தால் யாரும் அதைச் சாதாரணமாக எடுப்பதில்லை. கடித்த இடம் எரியும், வீங்கும், ஆள் கத்துவார். எண்ணெய் விரியன் அப்படியல்ல. எட்டடி விரியன், கட்டுவிரியன் என்றும் அதைச் சொல்வார்கள். மினுங்கும் கருநிற உடம்பு, குறுக்கே மெல்லிய வெள்ளை வளையங்கள். இரவில்தான் இரை தேடி வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும்போது எறும்பு கடித்த அளவு வலிகூட இருக்காது. வீக்கமும் இல்லை. பல் பட்ட இடத்தைப் பற்றரி வெளிச்சத்தில் தேடினாலும் பலவேளை தெரியாது. இந்த விளக்கத்தை அந்தக் கடியை வைத்தே எழுதுகிறோம். ஏனென்றால் ‘ஒன்றுமில்லை, படுங்கோ’ என்று சொல்லி ஆளை இழப்பது இதில்தான்.

தம்பலகாமத்தில் வயல் காவலுக்குப் போனவர் குடிலுக்குள் தரையில் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். இரவு 1.40க்குக் கையில் ஏதோ சுருக்கென்றது போல இருக்க எழும்புகிறார். பாய்க்குப் பக்கத்தால் ஏதோ நெளிந்து போகிறது. இனி என்ன செய்வது?

படி 1. விலகுங்கள், நேரத்தைக் குறியுங்கள். பாம்பை அடிக்கத் தடி தேட வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவதுண்டு. வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பாம்பு எது என்று தெரியாமலே வைத்தியர்கள் அறிகுறியைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்குவார்கள். கடித்த நேரம் மட்டும் கட்டாயம் தேவை: 1.40.

படி 2. 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். குடிலுக்கு வழி சொல்வது கடினமென்றால், ஒருவர் பிரதான வீதிக்குப் போய் வெளிச்சத்தோடு நிற்கட்டும். அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்றால் ஓட்டோவில் ஏற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இருத்திப் பிடித்துக்கொண்டு போகலாம். வண்டி நிற்கும் இடம்வரை அவரை நடக்க விடாதீர்கள், தூக்குங்கள்.

படி 3. கையை அசையாமல் வையுங்கள். முதலில் மோதிரம், காப்பு, மணிக்கூடு, கையில் கட்டிய நூல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கடித்தது வேறு பாம்பாக இருந்து வீக்கம் வந்தால் இவை சதைக்குள் இறுகிவிடும். பிறகு முழங்கைக்கு இருபுறமும் நீளும் ஒரு பலகையையோ மட்டையையோ வைத்து, சாரத்தைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்குக் கீழே ஒரு விரல் இலகுவாக நுழைய வேண்டும். விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகவே மேலே போகிறது. தசை அசையும்போதுதான் அந்த ஓட்டம் வேகமாகும். கட்டை வைத்துக் கட்டுவது அந்த அசைவை நிறுத்தத்தான், இரத்தத்தை நிறுத்த அல்ல.

இறுக்கிக் கயிறு கட்டும் பழக்கம் இங்கேதான் குழப்பத்தை உண்டாக்குகிறது. இறுக்கிக் கட்டினால் இரத்தம் போகாமல் கை கறுத்து அழுகும். அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்புக்குள் பாயும். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால் வழியில் அவிழ்க்காமல் விரைவாகக் கொண்டுபோய், எப்போது கட்டியது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு அவர்கள் அவிழ்ப்பார்கள். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் புண்ணையும் கிருமியையும்தான் தரும். விஷக்கல் தோலின் மேலே ஒட்டுகிறது, விஷம் தசைக்குள்ளே போய்விட்டது. கல் பலித்ததாகச் சொல்லும் கதைகள் பொய்யென்று நினைக்க வேண்டியதில்லை. விஷப்பாம்பு கடித்தாலும் சிலவேளை விஷம் இறங்குவதில்லை. விஷமே இல்லாத, எண்ணெய் விரியனைப் போலவே வளையம் போட்ட பாம்பும் எங்கள் வீடுகளுக்குள் வருகிறது. அப்படித் தப்பியவரைத்தான் கல் காப்பாற்றியதாக ஊர் சொல்கிறது.

படி 4. வாய்க்குள் எதுவும் கொடுக்காதீர்கள். தேத்தண்ணி, பச்சிலைச் சாறு, சாராயம் எதுவுமே வேண்டாம். விழுங்கும் தசை தளரத் தொடங்கினால் குடித்தது நுரையீரலுக்குள் போகும். சத்தி வந்தாலோ எச்சில் வடிந்தாலோ இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

படி 5. வழியில் கண்ணைப் பாருங்கள். இந்தக் கடியின் முதல் அடையாளம் பலருக்கு வயிற்றுக்குத்து. அதைக் கேஸ்டிக் என்று நினைத்து மாத்திரை கொடுத்து நேரத்தைப் போக்குகிறார்கள். அடுத்தது இமை சரிவது. ‘நித்திரை வருதாம்’ என்று விடாதீர்கள். தலையை அசைக்காமல் உங்கள் விரலை மேல்நோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நித்திரைக்காரர் சொன்னதும் இமையைத் தூக்குவார். விஷம் ஏறியவர் முயன்றும் பாதிக்கண்தான் திறக்கும், அல்லது நெற்றியைச் சுருக்கித் தூக்கப் பார்ப்பார். நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டச் சொல்லுங்கள். எந்த நேரத்துக்கு எது முடியாமல் போனது என்று குறித்துக் கொடுங்கள். மூச்சு நின்றால் அங்கேயே வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்குங்கள்.

எட்டடி என்ற பெயரைக் கேட்டு எட்டு அடி நடப்பதற்குள் முடிந்துவிடும் என்று சிலர் கைவிடுகிறார்கள். அது சரியல்ல. அறிகுறிக்குச் சில மணி நேரம் எடுக்கலாம். அந்த மணித்தியாலங்கள்தான் உங்கள் கையில் இருப்பவை.

இனி ஆஸ்பத்திரி. நம்மவர் 2.30க்குப் போய்ச் சேர்கிறார். உடனே ஊசி போடவில்லை என்று உறவினர் கோபப்பட வேண்டாம். பாம்பு விஷ முறிவு மருந்து அறிகுறி தொடங்கியவருக்கே கொடுக்கப்படும். அதுவரை இமை, மூச்சு, இரத்தம் உறைகிறதா என்பதை அடிக்கடி பார்ப்பார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் 24 மணி நேரமாவது விடுதியில் இருக்க வேண்டும். காலையில் ‘சுகமாயிருக்கு’ என்று கையெழுத்து வைத்துக் கூட்டிப் போனால், வழியில் மூச்சுத் தசை தளரலாம்.

3.45க்கு இமை சரிகிறது. இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்த தூள் அது. குப்பி ஒவ்வொன்றிலும் 10 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுக் கரைத்து, பொதுவாக 10 குப்பிகளைச் சேலைனோடு சேர்த்து ஒரு மணி நேரமளவில் இரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பார்கள். சிறுபிள்ளைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு பிள்ளைக்கென்று விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்துக்கு ஒவ்வாமை வந்து தடிப்பும் குளிரும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்படுவது இங்கே சாதாரணம். அதனால்தான் ஆரம்பத்திலேயே அட்ரினலின் 0.25 மில்லிகிராம் தோலுக்குக் கீழே போடுகிறார்கள். இதை வீட்டில் செய்ய முடியாதது அதனால்தான்.

மருந்தின் எல்லையையும் தெரிந்து வைத்திருங்கள். இரத்தத்தில் சுற்றும் விஷத்தை அது பிடித்துக் கட்டிப்போடும். நரம்பு நுனிக்குள் நுழைந்து அதைச் சிதைத்துவிட்ட விஷத்தை அது திருப்பி எடுக்காது. நுனி மறுபடி வளர நாட்கள், சிலருக்குக் கிழமைகள் ஆகும். அதுவரை மூச்சை வென்டிலேட்டர் பார்த்துக்கொள்கிறது. முந்தி வந்தவருக்கு நுழையாமல் மிஞ்சியிருக்கும் விஷம் கூடுதல். மருந்துக்கு வேலையும் கூடுதல்.

வென்டிலேட்டரில் கண் திறக்காமல், கை அசையாமல் கிடப்பவரைப் பார்த்து மூளை செத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இந்த விஷம் தசையை நிறுத்துகிறதே தவிர அறிவை அல்ல. அவருக்குக் கேட்கும். பக்கத்தில் இருந்து சாவீட்டுக் கதை பேசாமல், அவருடைய பெயரைச் சொல்லி, என்ன நடக்கிறது, யார் வந்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.